சிறுகதை வரைவு: புது இன்டேர்னும் வாய்க்காரச் சீனியரும் – எங்கே இடறுகிறது?

முறிகண்டியான் | செவ்வாய் இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம் கணக்குப் படிப்பிக்கிற வாத்தி. டொக்டர் இல்லை. போன தை மாதம் அருவி வெட்டு நேரத்தில் மாமாவைப் பாம்பு கடித்து, ஐந்து நாள் வாட்டில் கூட நின்றேன். அங்கே ஒரு புது இன்டேர்ன் பெடியனும் அவனை நாள் முழுக்கக் கடித்துக் குதறுகிற ஒரு சீனியர் டொக்டர் அக்காவும். பாம்பைவிட அவவுக்குத்தான் வாட் முழுக்கப் பயம். ஆனால் நாலாம் நாள் இரவு இருவரும் ஒரு வாங்கில் இருந்து மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. அதைக் கற்பனை செய்து எழுதிய கதைதான் இது. ஆஸ்பத்திரிப் பெயர் வேண்டாம், ஆட்களுக்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை.

ஒன்பது பக்கம் வந்திருக்கிறது. இடறுகிற இடத்தை மட்டும் போடுகிறேன்:

> கன்ரீனில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. "நானும் ஒருகாலம் உன்னைப் போலத்தான்டா இருந்தேன்" என்றாள் அவள். "என்னோடு வேலை செய்த இரண்டு பேரும் வெளிநாடு போய்விட்டார்கள். மூன்று பேருடைய வேலையை நான் செய்கிறேன். சோதனைக்குப் படிக்க நேரமில்லை. அதனால்தான் உன்மேல் எரிந்து விழுகிறேன்." அவன் கண்கள் கலங்கின. "எனக்கும் வீட்டில் கடன் இருக்கிறது மேடம்" என்றான்.

இதற்கு முன் ஆறு பக்கம் அவ திட்டுகிறா. இதற்குப் பின் ஒரு பக்கத்தில் சமாதானம். மனைவி வாசித்துவிட்டு "ம்" என்று மட்டும் சொன்னா. என்ன பிழை?

வெட்டுக்கிளி | செவ்வாய் இரவு 10.15

பிழை "அதனால்தான்" என்ற சொல்லில் இருக்கிறது. உண்மையாக வாய் காரமான ஆட்கள் தங்கள் காரத்துக்குக் காரணம் சொல்லமாட்டார்கள். சொன்னால் அது மன்னிப்புக் கடிதம். கன்ரீன், ஆறிய தேநீர், கலங்கிய கண். மூன்றையும் வெட்டு.

பாலியாற்றங்கரை | செவ்வாய் இரவு 10.52

வாத்தி, என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் மூன்று மாதம் இன்டேர்னாக இருந்தேன். என் சீனியர் நான் எழுதிய அறிக்கையைச் சிவப்புப் பேனாவால் கிழித்து, எல்லோருக்கும் முன்னால் "இது ஆண்டு ஐந்துக் கட்டுரையோ?" என்று கேட்டார். நான் பதிலே சொல்லாமல் விலகிவிட்டேன். மேலிடத்துக்கு முறையிட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். உங்கள் பெடியனும் முறையிடலாமே? யாருக்குக் கடிதம் எழுதவேண்டும் என்று தெரிந்தால் இங்கே போடுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.

முறிகண்டியான் | செவ்வாய் இரவு 11.05

தம்பி, இது கதை. ஆனால் பெடியன் ஏன் முறையிடவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை. அதற்கு நன்றி.

ஓய்வு மிஸ் | புதன் காலை 5.20

வாட்டில் முப்பது வருசம் நேர்ஸாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். தம்பி கேட்டதற்கு விடை சுலபம். இன்டேர்ன் வேலை ஒரு வருசம், ஆறு மாதமாக இரண்டு பகுதி. முடிவில் அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பான பெரிய டொக்டர் கையெழுத்து வைத்தால்தான் அந்தப் பிள்ளை முழு டொக்டராகப் பதியலாம். சீனியர் சொல்கிற ஒரு சொல் அந்தக் கையெழுத்தில் ஏறும் என்ற பயம் எந்த இன்டேர்னுக்கும் உண்டு. ஏறுமோ ஏறாதோ, பயம் உண்டு. அதனால் வாயைத் திறக்கமாட்டார்கள்.

வாத்தி, நீங்கள் வரைவு முழுவதையும் எனக்குத் தனியாக அனுப்பினீர்கள், வாசித்தேன். பாம்பு கடித்த ஆளுக்குச் செய்த வைத்தியத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. "பாம்பு கடித்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள், மருந்து ஏற்றினார்கள், பிழைத்தார்." உங்கள் கதை முழுக்க அந்த ஒரு வரிக்குள்தான் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு ஏன் கன்ரீனுக்குப் போனீர்கள்? இரவு கடமையில் கன்ரீனுக்குப் போக யாருக்கு நேரம்?

புடையன் கடித்து வந்தால் முதல் வேலை, 2 மில்லி அளவு இரத்தம் எடுத்து ஒரு கண்ணாடி ரியூபில் விட்டு, ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் வைப்பது. இருபதாவது நிமிடம் ஒருதரம் சரித்துப் பார்ப்போம். கட்டியாகி நின்றால் அந்த நேரத்துக்குச் சரி. அப்போதும் ஆளை வீட்டுக்கு விடுவதில்லை, திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்போம். தண்ணீர்போல ஓடினால் நஞ்சு இரத்தத்தில் வேலை செய்கிறது, விசமுறிப்பு மருந்து ஏற்றவேண்டும். இடையில் தூக்கிப் பார்க்கவும் கூடாது, ஆட்டவும் கூடாது. புது இன்டேர்ன் பிள்ளைகள் எல்லோரும் ஏழாவது நிமிடம் ஒருக்கால் தூக்குவார்கள். கையில் அடி வாங்குவார்கள்.

அந்த 20 நிமிடத்தில் இருவரும் வாட்டை விட்டுப் போகமுடியாது, ரியூபையும் தொடமுடியாது. ஆளைப் பார்ப்பதும் மணிக்கூட்டைப் பார்ப்பதும்தான். அந்த நேரத்தில்தான் மனிதர்கள் கதைப்பார்கள்.

வெட்டுக்கிளி | புதன் காலை 7.02

மிஸ், நான் இத்தனை வருசம் இந்தக் களத்தில் சொன்ன எல்லாவற்றையும்விட இது மேல்.

முறிகண்டியான் | புதன் காலை 7.30

மாமாவுக்கும் எடுத்தார்கள்! நான் நின்று பார்த்தேன். ஏதோ சோதனை என்று நினைத்து விட்டுவிட்டேன். ஒன்று கேட்கவேண்டும் மிஸ். அன்றைக்கு அவ பெடியனிடம் ரியூபை எங்கே எடுத்தாய் என்று கத்தினா. அது ஏன்?

ஓய்வு மிஸ் | புதன் காலை 8.10

அதுதான் அவவின் கதை. உங்களுக்குத் தெரியாமலே காதில் விழுந்திருக்கிறது.

ரியூப் கண்ணாடியாக இருக்கவேண்டும், புதிதாக, காய்ந்ததாக இருக்கவேண்டும். இரத்தம் கட்டியாவதைத் தொடக்கிவிடுவது அந்தக் கண்ணாடிதான். சவர்க்காரம் போட்டுக் கழுவியதாக இருந்தால், அல்லது பிளாஸ்ரிக் ரியூபாக இருந்தால், நல்ல இரத்தமும் கட்டியாகாமல் நிற்கும். பிறகு நஞ்சே ஏறாத ஆளுக்கு விசமுறிப்பு மருந்து ஏற்றுவோம். அது குதிரையின் இரத்தத்தில் இருந்து எடுக்கிற மருந்து. ஒவ்வாமை அடிக்கடி வரும். உடம்பு தடித்து, மூச்சு இழுத்து, பிரசர் விழும். அதனால் ஏற்றுமுன் தோலுக்குக் கீழே 0.25 மில்லிகிராம் அதிரினலின் போடுவோம். அப்படியிருந்தும் சிலருக்கு வரும்.

ரியூபில் சந்தேகம் வந்தால் ஒரு வழி உண்டு. அதே பக்கற்றில் இன்னொரு ரியூப் எடுத்து, கடிபடாத ஒருவரின் இரத்தத்தை விட்டுப் பக்கத்தில் வைப்பது. அது கட்டியாகி, நோயாளியுடையது கட்டியாகாமல் நின்றால் ரியூபில் பிழை இல்லை. வழக்கமாகக் கூட வந்த ஆளிடம்தான் எடுப்போம்.

மயிலாப்பூர் வாசகன் | புதன் காலை 11.48

நண்பர்களே, நல்ல இழை. ஒரு சந்தேகம். முறிகண்டியான் சார் தன் வரைவின் முதல் பக்கத்தையும் வேறு இழையில் போட்டிருந்தார். அதில் நோயாளிக்கு இமை சரிகிறது என்று வருகிறது. நீங்கள் புடையன் என்கிற கண்ணாடி விரியன் இரத்தத்தைத்தான் தாக்கும். இமை சரிவது நரம்பு நஞ்சு, அதாவது நாகம் அல்லது கட்டுவிரியன். எங்கள் பக்கத்துப் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. பாம்பை மாற்றுங்கள், அல்லது இமையை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, சீனியர் "நீர்" என்று பேசுவதாக எழுதச் சொல்லி யாரோ அங்கே ஆலோசனை சொன்னார்கள். அது புராண நாடக வசனம் மாதிரி இருக்குமே?

தண்ணிமுறிப்பு | புதன் பகல் 12.20

ஐயா, அந்த யாரோ நான்தான். இங்கே அரச மரத்தடியில் மாடு விற்கிறவனும் "நீர் என்ன விலை சொல்லுறீர்?" என்றுதான் கேட்பான். எங்களுக்கு அது நாடகம் இல்லை, மரியாதைக்கும் உரிமைக்கும் நடுவில் உள்ள படி. வாத்தியின் வரைவில் சீனியர் முதல் பக்கத்திலேயே "நீ", "டா" என்று தொடங்குகிறா. அப்புறம் நெருங்குவதற்கு எங்கே இடம்? "டொக்டர், நீங்கள்" என்று தொடங்கட்டும். இங்கே அதைவிடக் குத்தலாகப் பேசமுடியாது. பிறகு "நீர்" வரட்டும்.

ஓய்வு மிஸ் | புதன் மாலை 4.45

மயிலாப்பூர்த் தம்பி சொல்வது பாதி சரி. உங்கள் பக்கத்தில் பொதுவாக அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் எங்கள் தீவில் உள்ள புடையன் இரத்தத்தையும் கெடுக்கும், இமையையும் சரிக்கும். எத்தனையோ பேரில் பார்த்திருக்கிறேன். கூட வந்தவர்கள் "நித்திரை தூங்குறார் மிஸ், வயலில நித்திரை முழிப்பு" என்பார்கள். நித்திரை இல்லை. மேலே பார்க்கச் சொன்னால் இமை ஏறாது.

ஆனால் வாத்தி, இமை முதல் பக்கத்தில் இருந்தால் உங்கள் 20 நிமிடம் போய்விடும். இமை சரிந்துவிட்டால் ரியூபுக்காக யாரும் காத்திருப்பதில்லை. நஞ்சு ஏறிவிட்டது என்பதற்கு அதுவே போதும், உடனே மருந்து. அதனால் இமை சரிவதைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

முறிகண்டியான் | வெள்ளி இரவு 11.30

இரண்டு இரவு இருந்து திருப்பி எழுதினேன். நடுப்பகுதி இதோ. நோயாளிக்கு முரசுமோட்டைப் பக்கம் வயல், ஐம்பது வயது. பாம்பை அடித்து உரப்பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள், அது வாட் வாசலில் கிடக்கிறது.

> "இந்த ரியூப் எங்க எடுத்தது?"
>
> "சிங்குக்குப் பக்கத்தில, மேடம். கழுவித்தான் வச்சிருந்தது."
>
> "கழுவினதுதான் பிழை, டொக்டர். உங்கட கம்பசில ரியூபையும் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டுறவையோ?"
>
> அவள் ரியூபைக் குப்பை வாளியில் போட்டாள். லாச்சியைத் திறந்து அடியில் கையை விட்டாள். உடைத்த பக்கற் ஒன்றில் இரண்டு ரியூப் மிச்சம். எப்போது உடைத்தது என்று யாருக்கும் தெரியாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றில் நோயாளியின் இரத்தம். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு கதவடியைப் பார்த்தாள். நோயாளியின் மனைவி வந்தவுடனேயே மயங்கி விழுந்து, இப்போதுதான் எழும்பி நிலத்தில் இருந்தாள்.
>
> அவள் தன் சட்டைக் கையை மடித்தாள்.
>
> "எடும்."
>
> "மேடம்?"
>
> "என்ர இரத்தத்தை எடும். நரம்பு நல்லாத் தெரியுது. அது ஓடாது. நீர்தான் ஓடுறீர்."
>
> அவன் கை நடுங்கியது. ஊசி முதல்தரம் தப்பியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. வந்த ஆறு கிழமையில் அவள் ஒன்றும் சொல்லாமல் விட்ட முதல் பிழை அது.
>
> இரண்டு ரியூபும் தட்டில் நின்றன. சுவர் மணிக்கூடு பற்றறி இல்லாமல் எப்போதோ நின்றிருந்தது. அவள் தன் போனில் 20 நிமிடம் வைத்து, ரியூபுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தாள். இரவு 2.10.
>
> ஐந்தாவது நிமிடம் போன் வெளித்தது. லண்டனில் இருந்து ஒரு செய்தி. *இன்னும் அங்கயோ? போர்ம் நிரப்பியாச்சோ?* அவள் போனைக் கவிழ்க்கப் போனாள். நேரம் தெரியாமல் போகும் என்று விட்டுவிட்டாள். இருவரும் அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.
>
> "போகப் போறீங்களோ மேடம்?"
>
> "இந்த வாட்டில மூண்டு பேர் இருந்தனாங்கள். அவையள் இரண்டு பேரும் போட்டினம். நான் போனா இந்த ரியூபை ஆர் பாக்கிறது? நீரோ?"
>
> அவன் நோயாளியிடம் போய், "ஐயா, மேல பாருங்கோ" என்றான். பார்த்தார். திரும்பி வந்தான்.
>
> "நாளைக்குச் செவ்வாய் என்ன?"
>
> "இப்பவே செவ்வாய்தான். ஏன்?"
>
> "லோன்காரர் வாற நாள். அம்மா குழுவில எடுத்தவ. ஒராள் கட்டாட்டி மற்றவையும் சேர்ந்து கட்டவேணும். மகன் டொக்டர் எண்டு சொன்ன உடன இரண்டாம் லோனும் குடுத்திட்டினம்."
>
> "சம்பளம் வந்திட்டுதோ?"
>
> "முதல் சம்பளம் இன்னும் வரேல்லை. வர முதலே முடிஞ்சுது."
>
> அவள் சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு.
>
> "எந்த ஊர் நீர்?"
>
> "புதுக்குடியிருப்பு."
>
> "2009 இல?"
>
> "நாலாம் ஆண்டு."
>
> அவள் போனைப் பார்த்தாள். ஒன்பது நிமிடம் மிச்சம்.
>
> "நான் இன்டேர்னா இருக்கேக்க" என்று தொடங்கினாள், "இப்பிடித்தான் சிங்கில இருந்து ஒரு ரியூப் எடுத்தனான். கட்டியாகேல்லை. பத்துக் குப்பி கரைச்சு ஏத்தினன். கால் மணித்தியாலத்தில அந்த மனிசன் நீலம் பாரிச்சு..."
>
> "ஒரு நிமிசம் மேடம்." அவன் எழும்பிப் போனான். "ஐயா, மேல பாருங்கோ."
>
> "பாக்கிறன்தானே தம்பி" என்றார் நோயாளி. அவருடைய இமை பாதியில் நின்றது.
>
> "மேடம்."
>
> அவள் எழும்பி வந்து பார்த்தாள். "விடு அந்த ரியூபை" என்றாள். "குப்பி கரை. ஆட்டாதை, உருட்டு."

வெட்டுக்கிளி | சனி காலை 6.50

நீலம் பாரித்த மனிசன் செத்தாரா பிழைத்தாரா என்று சொல்லாமலே விட்டீர்களே. அதில் கை வைக்காதீர்கள். "விடு" என்று வருகிற இடத்தில் "நீ" வந்துவிட்டது. அது நெருக்கமா, அவசரமா என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே இருக்கட்டும்.

லண்டன் செய்தி சரியாக விழுந்த இடத்தில் விழுந்தது எனக்குக் கொஞ்சம் சினிமா. ஆனால் அங்கே அப்போது இரவு 8.45 தானே, செய்தி அனுப்புகிற நேரம்தான். போகட்டும்.

தண்ணிமுறிப்பு | சனி காலை 9.15

எனக்கு 2009 உறுத்துகிறது. வன்னிக் கதை என்றாலே அந்த வருசத்தை ஒருதரம் தொட்டுவிட்டுப் போவது ஒரு முத்திரை மாதிரி ஆகிவிட்டது. லோன் போதும். இன்றைய பாரம் அதுதான். எங்கள் ஒழுங்கையில் கிழமைக்கு மூன்று கொம்பனிக்காரர் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள், பெண்கள் சமையலை விட்டுவிட்டு ஒரு வீட்டு விறாந்தையில் கூடுகிறார்கள். அதை இன்னும் எழுதலாமே.

ஓய்வு மிஸ் | சனி காலை 10.40

எனக்கு அந்த இரண்டு சொல் வேண்டும். புதுக்குடியிருப்பு என்று சொன்ன பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இந்த மாகாணத்தில் இல்லை. கேட்டபிறகு மேலே கேட்காமல் விடுகிற ஆட்களும் உண்டு. அவ மணிக்கூட்டைப் பார்க்கிறா. நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.

தண்ணிமுறிப்பு | சனி காலை 10.55

மிஸ் சொல்வதை மறுக்கமாட்டேன். ஆனாலும் எனக்கு உறுத்துகிறது.

பாலியாற்றங்கரை | சனி பகல் 1.30

அந்த அக்கா தன் இரத்தத்தைக் கொடுத்தது பெரிய மனசு. என் சீனியர் ஒரு பேனாகூடத் தந்ததில்லை.

ஓய்வு மிஸ் | சனி பகல் 2.05

பெரிய மனசு என்று எழுதினால் கதை கெட்டுவிடும் தம்பி. கட்டியாகிற இரத்தம் கையோடு தேவை, அவ்வளவுதான். சீனியர் தன் இரத்தத்தைக் கொடுத்து நான் பார்த்ததில்லை. நேர்ஸ் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். அதற்காக மாற்றச் சொல்லமாட்டேன், ஆனால் மனைவி மயங்கியதை இன்னும் ஒரு வரி முன்னுக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் வேண்டுமென்று வைத்ததுபோல இருக்கும்.

"உருட்டு" என்றது நல்லது. குப்பியில் தூள்தான் இருக்கும். தண்ணீர் விட்டு உள்ளங்கைக்குள் வைத்து உருட்டவேண்டும், ஆட்டினால் நுரைத்துவிடும். பத்தைக் கரைத்து முடிக்கக் கை உளைந்துபோகும். அந்தப் பிள்ளை கரைக்கும்போது அவவும் பக்கத்தில் நின்று கரைப்பா. அப்போது கதை வராது, எண்ணிக்கைதான் வரும். ஆறு, ஏழு என்று.

மயிலாப்பூர் வாசகன் | சனி மாலை 6.12

புடையன் விஷயத்தில் என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். "நீர்தான் ஓடுறீர்" படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஆனால் ஒரு வாசகனாகக் கேட்கிறேன், அந்த இரண்டு ரியூப் என்ன ஆனது? கட்டியானதா இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்று.

முறிகண்டியான் | சனி இரவு 8.25

கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. விடிய ஐந்து மணிக்குப் பெடியன் தட்டைக் கழுவ எடுக்கிறான். இரண்டும் அப்படியே நிற்கின்றன. முதலில் அவவுடையதைச் சரிக்கிறான். அசையவில்லை. மற்றதைச் சரிக்கிறான், கண்ணாடி வழியே ஓடி வாய்வரைக்கும் வருகிறது. இரண்டையும் எறியாமல் திரும்பத் தட்டிலேயே நிறுத்திவிட்டு, ஆறாம் மணித்தியாலத்துக்கு எடுக்கவேண்டிய அடுத்த ரியூபைத் தேடப் போகிறான். பக்கற் முடிந்துவிட்டது என்பது அப்போதுதான் ஞாபகம் வருகிறது. பக்கத்து வாட்டில் கடன் கேட்க ஓடுகிறான். அவ்வளவுதான்.

மனைவி இன்றைக்கு வாசித்தா. "வாசல்ல கிடக்கிற உரப்பையை ஆர் எடுத்தது?" என்று மட்டும் கேட்டா.

ஓய்வு மிஸ் | சனி இரவு 9.00

நல்ல கேள்வி. எங்கள் வாட்டில் அட்டெண்டன் அண்ணைதான் விடியப்புறம் கொண்டுபோய்ப் பின்பக்கம் தாட்டுவிட்டு வருவார். ஒருநாள் அவிழ்த்துப் பார்த்தார், அது சாகவில்லை.